நைட்ரஜனில் முதலில் போவது எந்த எலக்ட்ரான்?

N₂-க்கு ஹார்ட்ரி-ஃபாக் கணக்கு போட்டேன். 1πu −16.7 eV, 3σg −17.3 eV என்று வந்தது. அப்படியானால் ஒளியெலக்ட்ரான் நிறமாலையில் 15.6 eV-ல் இருக்கும் முதல் பட்டை π தானே? (முதுகலை மாணவி, கிண்டி)

இல்லை, அது 3σg. உங்கள் கணக்கிலும் தவறில்லை. அடிப்படைத் தொகுதியை இன்னும் பெரிதாக்கினாலும் இதே வரிசைதான் வரும்.

ஓர் எலக்ட்ரான் வெளியேறிய பிறகும் மற்றவை அசையாமல் நிற்கும் என்று வைத்துக்கொண்டுதான் கூப்மன்ஸ் (1934) அயனியாக்க ஆற்றலை, ஆர்பிட்டல் ஆற்றல் ε-இன் குறியை மாற்றி, −ε என்கிறார். உண்மையில் மற்றவை நகர்ந்து அயனியின் ஆற்றலைக் குறைத்துக்கொள்கின்றன. இதைக் கணக்கில் எடுக்காததால் மதிப்பு கூடுகிறது. இன்னொரு பக்கம், நடுநிலை மூலக்கூறில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கிப் போவதால் கிடைக்கும் நிலைப்பு, ஓர் எலக்ட்ரான் போனதும் குறைகிறது. அதை விட்டுவிடுவதால் மதிப்பு குறைகிறது. இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்வதால்தான் தேற்றம் பல இடங்களில் ஒப்பேறுகிறது.

N₂-இல் அந்த ஈடு சமமாக இல்லை. 3σg 1.7 eV தள்ளிப்போகிறது. 1πu ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. அதைத் தேற்றத்தின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பிழைகள் அங்கே ஒன்றையொன்று அடித்துக்கொண்டன, அவ்வளவுதான். வரிசை சரியாக வேண்டுமென்றால் இந்த இரண்டு விளைவுகளையும் கணக்கில் எடுக்கும் OVGF போன்ற முறைக்குப் போங்கள்.

கணக்கை நம்பாமல், படத்தைப் பார்த்தே σ, π என்று சொல்ல முடியுமா? (தாம்பரம்)

முடியும். அதிர்வுக் கோடுகளைப் பாருங்கள். 15.58 eV-இல் ஒரே ஓர் உயரமான கோடு, 0.27 eV தள்ளி ஒரு குட்டிக் கோடு. நடுநிலை N₂-இன் அதிர்வு இடைவெளி 0.29 eV. எலக்ட்ரான் போயும் பிணைப்பு பெரிதாகத் தளரவில்லை என்று பொருள். ஆக, அது பிணைப்பில் அதிகம் பங்கில்லாத 3σg. அடுத்த பட்டை 16.70-இல் தொடங்கிப் பல கோடுகளாக நீள்கிறது, இடைவெளியும் 0.23 eV-க்கு இறங்குகிறது. பிணைப்பு தளர்ந்து நீளம் மாறியிருக்கிறது, அதுதான் 1πu. மூன்றாவது, 18.75-இல் இருப்பது 2σu. அதற்கு கூப்மன்ஸ் சொல்வது 21.2.

π பட்டையில் எந்த எண்ணை எழுதுவது?

முதல் கோடு 16.70, அது அடியாபாட்டிக் மதிப்பு. மிக உயரமானது இரண்டாவது கோடு, சுமார் 16.93. −ε-உடன் ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். கூப்மன்ஸும் அணுக்களை நகர்த்துவதில்லையே.

13.7 eV-இல் ஒரு சிறு மேடு தெரிகிறது. சாம்பிளில் அசுத்தமா?

பெரும்பாலும் விளக்கின் வேலை. ஹீலியம் விளக்கு 21.22 eV-உடன் 23.09 eV ஒளியையும் கொஞ்சம் உமிழ்கிறது. அந்த ஒளியால் வந்த எலக்ட்ரான் 1.87 eV இயக்க ஆற்றல் கூடுதலாக வருவதால், 15.58 பட்டையின் நிழல் 13.71-இல் விழும். 12.62-இல் மேடு தெரிந்தால் அது வேறு கதை: தண்ணீர். சென்னைக் காற்றில் வாயுக் குழாயைத் திறந்து மூடினால் சுவரில் ஈரம் ஒட்டிக்கொள்ளும். குழாயைச் சூடாக்கியபடி பம்ப் செய்யுங்கள். அளவுகோலைச் சரிபார்க்க ஆர்கானைக் கலந்து விடுங்கள்: 15.76, 15.94 என இரட்டைக் கோடு, உயரம் ஏறக்குறைய 2:1.