இருப்பின் மதிப்பு ஏறியது விலையாலா, சரக்காலா?

கேள்வி: எங்கள் நகைக்கடையின் இருப்பு எடை முழுவதும் மென்பொருளில் இருக்கிறது. தங்க விலை தரும் ஏபிஐ ஒன்றுக்கும் சந்தா கட்டியிருக்கிறோம். இரண்டையும் பெருக்கி, தினமும் காலையில் முதலாளிக்கு இருப்பின் மதிப்பை அனுப்புகிறேன். சில நாள் தொகை திடீரென்று ஏறுகிறது, சில நாள் இறங்குகிறது. அது விலையாலா, சரக்காலா, என் கணக்கில் உள்ள தப்பாலா என்று அவர் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதை எப்படி அமைப்பது?

பதில்: ஒரே ஒரு தொகையை மட்டும் அனுப்புவதை நிறுத்துங்கள். தொகை ஏறி இறங்குவதைவிட, அது ஏறாமல் இறங்காமல் நிற்கும் நாள்தான் உங்களை அதிகமாக ஏமாற்றும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது புரியும். எண்கள் எளிதாக இருக்க, சுத்தத் தங்கம் ஒரு கிராமுக்கு நேற்று 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு இதேதான்.

நேற்று கடை மூடும்போது 916 தரத்தில் 4,200 கிராம், 750 தரத்தில் 900 கிராம், 999 தரத்தில் 300 கிராம் இருக்கிறது. இவற்றை அப்படியே கூட்டினால் 5,400 கிராம் வரும். அந்த எண்ணால் பயன் இல்லை, ஏனென்றால் அதில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் அதன் தரத்தால் பெருக்கிச் சுத்தத் தங்கமாக்க வேண்டும். 3,847.2, 675, 299.7, ஆக மொத்தம் 4,821.9 கிராம். மதிப்பு 4,82,190.

இன்று 916 தரத்தில் 150 கிராம் விற்றுவிட்டது. 750 தரத்தில் 60 கிராம் புதிதாக வந்திருக்கிறது. சுத்தத் தங்கமாகப் பார்த்தால் 137.4 போய் 45 வந்திருக்கிறது, நிகரமாக 92.4 கிராம் குறைவு. மீதி 4,729.5. விலை 102 ஆகிவிட்டது. மதிப்பு 4,82,409. நேற்றைவிட 219 மட்டுமே கூடுதல்.

முதலாளி இந்த அறிக்கையைப் பார்த்தால் எதுவும் நடக்கவில்லை என்றுதான் நினைப்பார். உண்மையில் 92 கிராமுக்கு மேல் தங்கம் வெளியே போயிருக்கிறது. விலை ஏறியது அதை அப்படியே மூடிவிட்டது. அதனால் வித்தியாசத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். விலையால் வந்தது, நேற்றைய எடையை விலை மாற்றத்தால் பெருக்கினால் கிடைக்கும்: 4,821.9 × 2 = 9,643.8. எடையால் வந்தது, எடை மாற்றத்தை இன்றைய விலையால் பெருக்கினால் கிடைக்கும்: −92.4 × 102 = −9,424.8. இரண்டையும் கூட்டினால் சரியாக 219. ஒன்றில் நேற்றைய எடையையும் மற்றதில் இன்றைய விலையையும் எடுப்பதால்தான் மிச்சம் இல்லாமல் கூடுகிறது. இரண்டிலும் நேற்றைய எண்களையே எடுத்தால் கொஞ்சம் இடிக்கும்.

காலையில் போகும் அறிக்கை இவ்வளவு இருந்தால் போதும்:

```
fine_g    4729.500   (-92.400)
rate      102.00     (+2.00)
value     482409.00  (+219.00)
  price   +9643.80
  weight  -9424.80
skipped   0
```

இதில் எடை வரிதான் எனக்கு முக்கியம். விலை வரி சந்தையின் வேலை, அதில் கடைக்காரர் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் −92.4 என்பதை அன்றைய விற்பனை, வரவுச் சீட்டுகளிலிருந்து தனியாகக் கூட்டிப் பார்க்க முடியும். −137.4ம் +45ம் சேர்ந்து −92.4 வந்தால் சரி. வராவிட்டால் ஏதோ ஒரு நகை சீட்டு இல்லாமல் நகர்ந்திருக்கிறது, அல்லது யாரோ எடையைத் திருத்தியிருக்கிறார்கள். திருத்தம் என்றால் அதை எடை வரியில் கலக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள்.

இந்தக் கணக்கு நிற்க, அடியில் எடை சரியாக இருக்க வேண்டும். நான் பார்த்தவரை அதிகத் தப்பு நடப்பது கல் வைத்த நகைகளில்தான். மொத்த எடையிலிருந்து கல், மணி, நூல், அரக்கு எல்லாம் கழிந்த பிறகுதான் தங்கத்தின் நிகர எடை. தராசு கிராமில் காட்டும், ஆனால் வைரத்தின் எடை கேரட்டில் வரும். ஒரு கேரட் என்பது 0.2 கிராம். 24.6 கிராம் நகையில் 3.5 கேரட் கல் இருந்தால் கழிக்க வேண்டியது 0.7 கிராம், நிகர எடை 23.9. கேரட்டை அப்படியே கிராம் என்று கழித்தால் 21.1 என்று வரும். ஒரே நகையில் 2.8 கிராம் தங்கம் அறிக்கையிலிருந்து காணாமல் போகிறது. தங்கத்தின் தரத்தையும் கேரட் என்றே சொல்வதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. நான் அமைத்துக் கொடுத்த ஓர் இடத்தில் மாதக்கணக்கில் இப்படியே போயிருந்தது. எல்லா நாளும் ஒரே அளவு குறைவாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கல் நகைக்கும் நிகர எடையை மொத்த எடையால் வகுத்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். மேலே வரும் இருபது நகைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதிலேயே கதை தெரிந்துவிடும்.

இரண்டாவது, எடை பதியாத நகை. எஸ்கியூஎல்லில் வெறுமையான மதிப்பை எதனால் பெருக்கினாலும் வெறுமைதான் வரும், `SUM` அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டும். பிழை என்று எந்தச் செய்தியும் வராது. அதனால் விடுபட்டவை எத்தனை என்பதையும் சேர்த்தே எண்ணுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் இப்படி:

```sql
SELECT SUM(net_g * fineness) AS fine_g,
       COUNT(*) FILTER (WHERE net_g IS NULL
                        OR fineness IS NULL) AS skipped
FROM stock_snapshot
WHERE snap_date = :d AND owner = 'SELF';
```

`owner` என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். பழுது பார்க்க வாடிக்கையாளர் கொடுத்த நகை உங்கள் பெட்டியில் இருக்கும், ஆனால் உங்களுடையது அல்ல. பட்டறையில் ஆசாரியிடம் கொடுத்த தங்கம் பெட்டியில் இருக்காது, ஆனால் உங்களுடையது. பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், யாருடையது என்று பார்த்துக் கூட்ட வேண்டும்.

`stock_snapshot` என்று தனி அட்டவணை வைத்ததற்கும் காரணம் உண்டு. நடப்பு இருப்பை நேராகப் படித்தால், அறிக்கை என்றாவது தாமதமாக ஓடும்போது காலையின் முதல் விற்பனையும் அதில் கலந்துவிடும். இரவு கடை மூடிய பிறகு இருப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதியோடு வைத்துவிடுங்கள். அப்புறம் அதைத் தொடவே கூடாது.

சரி, விலைக்கு வருவோம். உலகச் சந்தை விலை தரும் ஏபிஐகளில் பெரும்பாலானவை `XAU` என்ற குறியீட்டில், ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு டாலரில் தருகின்றன. ட்ராய் அவுன்ஸ் 31.1034768 கிராம். மளிகைப் பொருள் நிறுக்கும் சாதாரண அவுன்ஸ் சுமார் 28.35 கிராம். தப்பித்தவறி அதால் வகுத்தால் மதிப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடித் தெரியும். நம்பக்கூடிய எண்ணாகத் தெரிவதுதான் இதில் ஆபத்து. சில ஏபிஐகள் தலைகீழாக, ஒரு டாலருக்கு எத்தனை அவுன்ஸ் என்று தரும். அது 0.000 என்று ஆரம்பிப்பதால் உடனே தெரிந்துவிடும்.

நீங்கள் வாங்கும் விலை 22 கேரட்டுக்கானதா, சுத்தத் தங்கத்துக்கானதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 22 கேரட் விலையைச் சுத்தத் தங்கத்தின் விலை என்று நினைத்து மேலே சொன்ன எடையால் பெருக்கினால், 0.916ஆல் இரண்டு முறை பெருக்கியதாகி மதிப்பு 8 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். 22 கேரட் விலைதான் கிடைக்கிறது என்றால் அதை 0.916ஆல் வகுத்துச் சுத்தத் தங்கத்தின் விலையாக்கிய பிறகே சேமியுங்கள்.

அடுத்தது பழைய விலை. வார இறுதியில் சந்தை மூடியிருக்கும்போதும் ஏபிஐ பதில் தரும், அதுவும் வெற்றி என்ற குறியீட்டோடு. அது வெள்ளிக்கிழமையின் கடைசி விலை. ஞாயிற்றுக்கிழமை அதைப் பயன்படுத்துவதில் தவறு இல்லை. செவ்வாய்க்கிழமையும் அதே விலை வந்தால்தான் சிக்கல். அதனால் விலை எந்த நேரத்துக்கு உரியது, நீங்கள் அதை எப்போது எடுத்தீர்கள் என்று இரண்டு நேரங்களையும் தனித்தனியாகச் சேமியுங்கள். இரண்டையும் யுடிசியில் வையுங்கள். அறிக்கைக்கு இப்படி எடுங்கள்:

```sql
SELECT per_gram_fine, rate_ts FROM gold_rate
WHERE rate_ts <= :as_of
ORDER BY rate_ts DESC LIMIT 1;
```

`as_of` எப்போதும் ஒரே நேரமாக இருக்கட்டும், உதாரணமாக காலை 8 மணி. ஒரு நாள் 8 மணி, மறுநாள் 10 மணி என்று எடுத்தால் விலை வரியில் நீங்களே தேவையில்லாத ஏற்ற இறக்கத்தைச் சேர்க்கிறீர்கள். பழைய விலை வரிசையின் மேல் புதியதை எழுதவும் வேண்டாம். போன மாத அறிக்கையை யாராவது கேட்டால் அதே எண் மறுபடி வர வேண்டும்.

நேற்றைய விலையைவிட 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் அறிக்கை தானாகப் போகாமல் நிற்கும்படி வையுங்கள். ஆனால் அந்த விலையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். 2013 ஏப்ரல் 15 அன்று ஒரே நாளில் தங்கம் சுமார் 9 சதவீதம் விழுந்தது. இன்னொரு இடத்தில் விலையை ஒரு முறை பார்த்து, சரியென்றால் நீங்களே அனுமதி கொடுத்து அனுப்புங்கள்.

செய்கூலி, சேதாரம், கல்லின் விலை எதையும் இந்தத் தொகையில் சேர்க்காதீர்கள். இது உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் மதிப்பு, அவ்வளவுதான். கல்லுக்குத் தனி வரி வேண்டுமென்றால் வாங்கிய விலையில் போடலாம், அது தினமும் மாறத் தேவையில்லை.

இன்னொன்றையும் முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இந்தத் தொகை கணக்குப் புத்தகத்தில் ஏறும் தொகை அல்ல. சர்வதேசக் கணக்கியல் விதியான ஐஏஎஸ் 2ன்படி, சாதாரண நகை வியாபாரத்தில் இருப்பை வாங்கிய அடக்க விலை, விற்றால் கைக்கு வரும் நிகரத் தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். தங்கம் ஏறினால் காலை அறிக்கை ஏறும், புத்தகம் ஏறாது. அடக்க விலையையும் `cost` என்று ஒரு வரியாக அறிக்கையின் கடைசியில் போட்டுவிட்டால், ஆண்டு முடிவில் கணக்காளர் வேறு எண் சொல்லும்போது யாரும் உங்கள் அறிக்கையைச் சந்தேகிக்க மாட்டார்கள்.