ஆடிட்டருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம் எதுவரை?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடை நடத்துகிறேன். 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு வருமான வரித் துறையிலிருந்து 143(2) நோட்டீஸ் வந்திருக்கிறது. சேமிப்புக் கணக்கில் நான் ரொக்கமாகச் செலுத்திய 18 லட்சம் ரூபாய்க்கு விளக்கம் கேட்கிறார்கள். என் ஆடிட்டர் ஒரு ‘பவர்’ பத்திரத்தை அச்சடித்துக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறார். ‘வரி சம்பந்தமான எல்லாக் காரியங்களையும் செய்யவும், ஒப்புக்கொள்ளவும், சமரசம் செய்யவும், மேல்முறையீடு செய்யவும், ரீஃபண்ட் பெறவும்’ என்று அதில் இருக்கிறது. பத்து வருடப் பழக்கம். மறுக்கத் தயக்கமாக இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: அவரையே உங்கள் பிரதிநிதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு எழுதச் சொல்லுங்கள்.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், உங்கள் நோட்டீஸ் பழைய ஆண்டுக்கானது. அதற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதன் 288-ஆவது பிரிவு, அதிகாரியின் முன் உங்களுக்குப் பதிலாக ஒருவர் ஆஜராகலாம் என்கிறது. பிராக்டீஸ் சான்றிதழ் உள்ள சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறார். நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ‘எல்லாக் காரியங்களையும்’ கொடுக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை.

சில காரியங்களை அவரால் உங்களுக்காகச் செய்யவே முடியாது. 131-ஆவது பிரிவின்படி சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்க உங்களை நேரில் அழைத்தால், நீங்கள்தான் போக வேண்டும். ரிட்டர்னைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது 140-ஆவது பிரிவின்படி உங்கள் வேலை. நீங்கள் வெளிநாட்டில் இருப்பது போன்ற காரணம் இருந்தால் மட்டுமே பவர் பெற்றவர் அதைச் செய்யலாம். மேல்முறையீட்டுக்கான படிவம் 35-க்கும் அதே விதிதான். ஆகவே பத்திரத்தில் ‘மேல்முறையீடு’ என்று இருப்பது பெரும்பாலும் வெறும் அலங்காரம்.

எனக்குக் கவலை தருவது ‘ஒப்புக்கொள்ளவும்’ என்ற ஒரே சொல். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 18 லட்சத்தில் 11 லட்சம் கடை விற்பனை என்று பில் புத்தகம் காட்டுகிறது, மீதி 7 லட்சம் மைத்துனர் திருப்பிக் கொடுத்த கடன், அதற்குக் காகிதம் தேட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் தர வேண்டிய கடைசி நாள் மாலை. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை நெருக்கடி. ‘இந்த 7 லட்சத்தைச் சேர்த்துக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அது விளக்கம் இல்லாத பணமாக 69ஏ பிரிவின்கீழ் போனால், 115பிபிஇ பிரிவின்படி வரி 60 சதவீதம். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 78 சதவீதம். 7 லட்சத்துக்கு 5,46,000 ரூபாய். வட்டி தனி. 271ஏஏசி பிரிவின்கீழ் 42,000 ரூபாய் அபராதமும் வரலாம்.

என்னிடம் வந்த ஓர் அரிசி மண்டிக்காரரின் கோப்பில் இப்படி ஒரு வரிதான் இருந்தது: ‘மன நிம்மதிக்காகச் சம்மதிக்கிறோம்.’ அந்தப் பதில் போனதே அவருக்குத் தெரியாது. கடன் கொடுத்தவரின் வங்கிக் கணக்கு நகல் அவர் வீட்டு பீரோவிலேயே இருந்தது. சம்மதித்துப் போட்ட உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டில் பேசுவது மிகக் கடினம். நிம்மதிக்காக ஒப்புக்கொண்டோம் என்ற சமாதானம் அபராதத்திலிருந்து காப்பாற்றாது என்று எம்.ஏ.கே. டேட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

ஆகவே அதிகாரக் கடிதத்தை இந்த அளவுக்குச் சுருக்குங்கள். உங்கள் பெயர், பான், ஆடிட்டரின் பெயர், உறுப்பினர் எண், மதிப்பீட்டு ஆண்டு, நோட்டீஸின் தேதி, அதன் ஆவண அடையாள எண்ணான டின் ஆகியவற்றுக்குப் பிறகு இப்படி வரட்டும்:

‘மேற்கண்ட நோட்டீஸின் பேரில் நடக்கும் மதிப்பீட்டு நடவடிக்கையில் மட்டும் என் சார்பில் ஆஜராகவும், காணொளி விசாரணையில் பேசவும், நான் எழுத்தில் ஒப்புதல் தந்த பதில்களையும் ஆவணங்களையும் தாக்கல் செய்யவும் இவருக்கு அதிகாரம் அளிக்கிறேன். வருமானத்தில் எந்தத் தொகையைச் சேர்ப்பதற்கும் சம்மதிக்கவோ, என் உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவோ, சமரசம் செய்யவோ, ரீஃபண்ட் பெறவோ, இந்த அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றவோ இவருக்கு அதிகாரம் இல்லை. மதிப்பீட்டு உத்தரவு பிறப்பிக்கப்பட்ட நாளோடு இது முடிவடைகிறது.’

முகமற்ற மதிப்பீட்டில் உங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி எந்த மாநிலத்திலும் இருக்கலாம். அதனால் இதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, பொருளைப் புரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். அதை எத்தனை ரூபாய் முத்திரைத் தாளில் எழுதுவது என்பதை முன்பே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘அதிகாரம் இல்லை’ என்ற அந்த வாக்கியம் துறைக்குப் போகும் கடிதத்திலேயே இருக்க வேண்டும். துறைக்கு ஒரு பொதுப் பவரைக் கொடுத்துவிட்டு, உங்களுக்குள் தனியாக ஒரு தாளில் எல்லை போட்டுக்கொண்டால் பயன் குறைவு. முகவருக்கு முழு அதிகாரம் இருப்பதாக மூன்றாம் மனிதரை நீங்களே நம்ப வைத்திருந்தால், அவர் செய்தது உங்களைக் கட்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 237-ஆவது பிரிவு. எல்லை இருப்பது அதிகாரிக்குத் தெரிந்திருந்தால்தான் பின்னால் அதைச் சுட்டிக்காட்ட முடியும்.

கடிதத்தை எவ்வளவு கவனமாக எழுதினாலும், அதை ஒரு நொடியில் வீணாக்கும் வழக்கம் ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது: இ-ஃபைலிங் பாஸ்வேர்டை ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்து வைப்பது. உங்கள் பாஸ்வேர்டில் நுழைந்து அனுப்பும் பதில், பிரதிநிதி அனுப்பியதாகப் பதிவாகாது. நீங்களே அனுப்பியதாகத்தான் பதிவாகும். அப்போது 288-ஆவது பிரிவும் உங்கள் கடிதமும் அங்கே பேசவே இடமில்லை.

இன்று இரவே தளத்தில் நுழைந்து `My Profile` பக்கத்தில் தொடர்பு விவரங்களைப் பாருங்கள். பல வியாபாரிகளின் கணக்கில் முதன்மைக் கைபேசி எண்ணாக ஆடிட்டர் அலுவலகத்து எண் இருப்பதைக் கண்டிருக்கிறேன். அப்படியானால் நோட்டீஸும் ஓடிபியும் அங்கேதான் போகும். உங்கள் எண்ணையும் உங்கள் மின்னஞ்சலையும் போட்டு, பாஸ்வேர்டை மாற்றுங்கள். `e-Filing Vault Higher Security` என்ற இடத்தில், ஆதார் ஓடிபி இல்லாமல் யாரும் நுழைய முடியாதபடி வைக்கலாம். பிறகு `Pending Actions` என்பதன் கீழுள்ள `e-Proceedings` பக்கத்தில், இந்த ஒரு நடவடிக்கைக்கு மட்டும் அவரைப் பிரதிநிதியாகச் சேருங்கள். அவர் தம் கணக்கில் நுழைந்து வேலை செய்வார். யார் எதை அனுப்பினார் என்பது பதிவில் நிற்கும்.

உங்கள் கடிதத்தில் உள்ள எல்லைகளைத் தளம் படித்துப் பார்த்துத் தடுக்காது. சேர்த்துவிட்ட பிரதிநிதி எதை எழுதினாலும் அது போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பதிலின் வரைவும் கெடுவுக்கு மூன்று நாள் முன்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வரவேண்டும், ‘சரி’ என்று நீங்கள் எழுதிய பிறகே தாக்கல் செய்ய வேண்டும் என்று அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பத்து வருடப் பழக்கம் உள்ளவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நாளை தகராறு வந்தால், அவர் உங்கள் ஒப்புதலோடுதான் அனுப்பினார் என்பதற்கு அவருக்கும் அதுதான் சாட்சி.

நடுவில் அவரை மாற்ற நேர்ந்தால், போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆவது பிரிவின்படி, ரத்து செய்தது மூன்றாம் மனிதருக்குத் தெரியவரும் வரை அவரைப் பொறுத்தவரை பழைய அதிகாரம் தொடரும். ஆடிட்டருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு ரத்துக் கடிதம் அனுப்புங்கள். அதே நாளில் `e-Proceedings` பக்கத்தில் அவர் பெயரை விலக்கி, ரத்துக் கடிதத்தின் நகலை அந்த நடவடிக்கையில் உங்கள் பதிலோடு இணைத்துவிடுங்கள்.