பால் கொடுக்கும்போது சளி மாத்திரை போடலாமா?

"குழந்தைக்கு மூணு மாசம், தாய்ப்பால் மட்டும்தான். எனக்குச் சளியும் தலைவலியும். வீட்டில் இருக்கும் சளி மாத்திரையைப் போடலாமா?"

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டு என்றால் மருந்துப் பெயர்கள் வெட்டுப்பட்டுப் போயிருக்கும், அதைப் போடாதீர்கள். பெரும்பாலான சளி மாத்திரைகளில் பாராசிட்டமால் 500 மி.கி., குளோர்பெனிரமின் 2 மி.கி., கூடவே மூக்கடைப்புக்கு ஒரு மருந்து இருக்கும்.

பாராசிட்டமாலால் பயமில்லை, பாலில் சேர்வது கொஞ்சம்தான். ஆனால் சளி மாத்திரையோடு காய்ச்சல் மாத்திரையும் போட்டால் ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும். குளோர்பெனிரமின் தூக்கம் வரவைக்கும். எப்போதாவது ஒன்று போட்டால் பெரிய சிக்கலில்லை, நாள்கணக்கில் போட்டால் குழந்தையும் சோர்ந்து தூங்கலாம்.

அந்த மூக்கடைப்பு மருந்து சூடோஎபிட்ரினா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு சிறிய ஆய்வில் 60 மி.கி. ஒரே வேளை எடுத்த தாய்மாருக்கு அன்றைய பால் சுமார் கால் பங்கு குறைந்தது. பால் ஏற்கெனவே போதாதவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

வலி மாத்திரையிலோ இருமல் சிரப்பிலோ கோடீன், டிராமடால் என்றிருந்தால் வேண்டாம். சிலருடைய உடல் கோடீனை வேகமாக மார்பினாக மாற்றிவிடும், அது பாலிலும் இறங்கும். தெரியாமல் எடுத்துவிட்டீர்கள், அப்புறம் குழந்தை எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது, மூச்சு விடத் திணறுகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு.