நிருபர் வேலையிலிருந்து கன்டென்ட் மார்க்கெட்டிங்: விண்ணப்ப மின்னஞ்சல் பற்றிச் சில கேள்விகள்

கிளிநொச்சியிலிருந்து ஒரு நிருபர்: அக்கா, எட்டு வருடமாகப் பத்திரிகை நிருபர். சொட்டுநீர்ப் பாசனக் கருவி விற்கும் கம்பனி ஒன்று கன்டென்ட் எழுத ஆள் தேடுது. "செய்தி, கட்டுரை, நேர்காணல் அனைத்திலும் அனுபவமுள்ளவர்" என்று அனுப்பினேன். பதிலே இல்லை.

தங்கச்சி, அதை வாசிப்பவர் அநேகமாக விற்பனை முகாமையாளர். நேர்காணல் எடுப்பீர்கள் என்பதால் தனக்கு என்ன வரும் என்று அவருக்கு விளங்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் எனக்கு அனுப்பிய கட்டுரைகளில் மிளகாய்ச் செய்கையாளர்கள் பற்றியதை எடுத்துக்கொள்வோம். ஒரு விவசாயி ஏன் கருவி வாங்கத் தயங்குகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறீர்கள். கம்பனிக்காரர் இதை வாடிக்கையாளர் ஆய்வு என்பார். அவர் சொன்ன விளைச்சல் கணக்கைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுச் சரிபார்த்திருக்கிறீர்கள். "தண்ணீர் பாதி மிச்சம்" என்று விளம்பரம் போட முன், எந்தப் பயிருக்கு, யார் அளந்தது என்று கேட்கிற ஆள் கம்பனிக்கும் தேவை. பிறகு வாங்கியவர் வந்து சண்டை பிடிக்காமல் இருக்க வேண்டுமே. மின்னஞ்சலை இப்படி மாற்றிப் பாருங்கள்:

> பொருள்: கன்டென்ட் எழுத்தாளர் விண்ணப்பம் – கிளிநொச்சி விவசாயிகளோடு பழகிய நிருபர்
>
> வணக்கம். உங்கள் பேஸ்புக் பக்கத்தில் கருவிகளின் படமும் விலையும் இருக்கின்றன. அவற்றைப் பாவிக்கும் விவசாயி ஒருவரும் அதில் பேசவில்லை.
>
> பரந்தன், உருத்திரபுரம் பக்கத்துச் செய்கையாளர்களைச் சந்தித்து எட்டு வருடமாக எழுதுகிறேன். அவர்கள் தயங்குவது விலைக்காக மட்டுமில்லை. குழாயில் சுண்ணாம்பு படிந்து அடைத்தால் யார் வந்து திருத்துவார் என்றும் கேட்கிறார்கள்.
>
> முதல் மாதத்தில் உங்கள் வாடிக்கையாளர் இருவரின் அனுபவத்தை எழுதித் தருவேன். விற்பனையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஏற்றபடி அதன் சுருக்கமும் தருவேன். எழுதியதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்பதையும் கூடவே தருவேன்.
>
> இரண்டு கட்டுரைகளின் இணைப்பு கீழே. அடுத்த வாரம் 15 நிமிடம் பேச முடியுமா?

"ஊடகவியலாளர்" என்று பெருமையாகப் போடவில்லை, கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் கேட்டாலும் இதே ஒழுங்குதான்.

முல்லைத்தீவு: எண் இல்லாத விண்ணப்பத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்கிறார்கள். எங்கள் பத்திரிகை விற்பனை எண்ணைப் போடலாம்தானே?

எண் வேணும் என்பது சரி. ஆனால் பத்திரிகை விற்பது உங்கள் கட்டுரைக்காக மட்டுமில்லை, அது உங்கள் எண் ஆகாது. இணையத்தில் வந்த கட்டுரை என்றால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது இணையப் பிரிவு ஆசிரியரிடம் இருக்கும். கேட்டு ஸ்கிரீன்ஷொட் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மாதம் எத்தனை செய்தி எழுதினீர்கள், எவ்வளவு நேரத்தில் அனுப்பினீர்கள் என்று எழுதலாம்.

இன்னொன்று: கம்பனிக்குப் பார்வை முக்கியமில்லை, விசாரித்து வரும் அழைப்புகள்தான் முக்கியம். அந்த எண் உங்களிடம் இருக்க வாய்ப்பில்லை. "கட்டுரை வாசித்து அழைப்பவர்களைத் தனியாகக் குறித்து வைப்போம்" என்று முன்மொழிவதே போதும்.

வவுனியா: எனக்கு ஹாட்வெயார் கடை. நிருபர் ஒருவரை வேலைக்கு வைத்தால் எங்கள் செய்தி பேப்பரில் சும்மா வருமா?

வராது அண்ணா, வரவும் கூடாது. இந்தக் கேள்வி பதில் விண்ணப்பிப்பவர்களுக்கானது, ஆனாலும் நீங்கள் கேட்டது நல்லது. விண்ணப்பத்தில் "ஊடகங்களில் தொடர்பு உண்டு" என்று எழுதினால் முதலாளி இப்படித்தான் எடுத்துக்கொள்வார். அந்த வரியை வெட்டிவிடுங்கள். பகுதிநேர நிருபராகத் தொடர்கிறவர் ஆசிரியருக்கும் கம்பனிக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்பனி பற்றிய செய்தியை வேறொருவர் எழுதட்டும்.

பெயர் வேண்டாம்: என் நல்ல எழுத்தெல்லாம் 2009க்கு முந்தியது, யுத்தகாலம். மாதிரியாக வைக்கலாமா?

இதில் என்னிடம் ஒரே பதில் இல்லை. தொண்டு நிறுவனம் என்றால் வைக்கலாம் என்று நினைக்கிறேன். கருவி விற்பவரிடம் அது வேலை பற்றிய பேச்சை வேறெங்கோ கொண்டுபோய்விடும். ஆனால் மறைத்தால் இடையில் பல வருடம் வெறுமையாகத் தெரியும் என்பாரும் உண்டு, அதுவும் நியாயம்தான். எதுவானாலும் அதில் பெயரோடு வருபவர்களை நினைத்துவிட்டு அனுப்புங்கள்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு எழுதிய கட்டுரை இருந்தால் அதை முன்னுக்கு வையுங்கள். 14 வேலை நாள் காத்திருந்து, பதில் வராவிட்டால் மேன்முறையீடு செய்து எடுத்த தகவல் என்று ஒரு வரி எழுதினால், தரவு தேடத் தெரிந்தவர் என்பது விளங்கிவிடும்.

புதுக்குடியிருப்பு: மாதிரிக் கட்டுரையை வேர்ட் கோப்பாக அனுப்பலாமா?

பாமினியில் தட்டியதா? அப்படியென்றால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "தமிழ்" என்பது `jkpo;` என்று தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, வேறொருவர் போனில் திறந்து பார்த்த பிறகு அனுப்புங்கள்.