டொமைன் யார் பெயரில் இருக்க வேண்டும்?

கேள்வி: புதிதாக வெப் டிசைன் செய்கிறேன். கடைக்காரர்கள் "அதெல்லாம் நீயே பார்த்துக்க தம்பி" என்கிறார்கள். டொமைனை என் பெயரிலேயே பதிவு செய்துவிட்டால் என்ன?

செய்யாதீர்கள். உங்களை நம்பாமல் சொல்லவில்லை. நம்பகமான ஆள் செய்தால்தான் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் யாரும் சந்தேகப்பட்டு முன்கூட்டியே கேட்டு வைப்பதில்லை.

காரைக்குடியில் எங்களுக்கெல்லாம் மூத்த டிசைனர் ஒருவர் இருந்தார். டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் சேர்த்து ஒரே பில் போடுவார். வாடிக்கையாளர்களின் டொமைன்கள் அத்தனையும் அவருடைய ஒரே கணக்கில், அவர் பெயரில், அவர் ஈமெயிலில். ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். இறந்தவரைக் குறை சொல்கிறாயா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு பைசா ஏமாற்றாத மனிதர்.

சில மாதம் கழித்து ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். தளம் திறக்கவில்லை, பெங்களூர் ஆர்க்கிடெக்ட்கள் அனுப்பும் டிசைன் மெயிலெல்லாம் திரும்பிப் போகிறது. டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் whois-இல் பார்த்தேன். உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `REDACTED FOR PRIVACY`, நிலையில் `redemptionPeriod`. நடந்தது இதுதான்: இறப்பைத் தெரிவித்ததும் வங்கி அவர் கணக்கை நிறுத்திவிட்டது, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு தோற்றுப்போனது. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த பிறகும் வந்த நினைவூட்டல்கள் எல்லாம் இறந்தவரின் மெயில்பெட்டியில் கிடந்தன.

காலாவதியான டொமைனைப் பழைய உரிமையாளர் மட்டும் மீட்கக்கூடிய கட்டம்தான் இந்த redemption, .com டொமைனுக்கு அது 30 நாள். அதற்குள் மீட்காவிட்டால் 5 நாளில் அழிந்து, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மீட்கும் கட்டணம் வழக்கமான புதுப்பிப்பைப்போல் பல மடங்கு. காசு கட்ட அண்ணன் தயார்தான். ஆனால் டொமைன் நிறுவனம் அவர் பேச்சையே எடுக்கவில்லை. பில், பணம் அனுப்பிய ரசீது எல்லாம் காட்டினோம். "பதிவில் இருப்பவர் நீங்கள் இல்லை" என்று ஒரே பதில். எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் சொன்னது நியாயம்தான். பில்லைக் காட்டுகிறவனுக்கெல்லாம் கொடுத்தால் நாளைக்கு உங்கள் டொமைனும் போய்விடும்.

கடைசியில் இறந்த டிசைனரின் மனைவியைப் பார்க்கப் போனோம். மதினிக்கு டொமைன் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குள் வேறு ஒரு வாடிக்கையாளர் வந்து, "உங்க வீட்டுக்காரர் எங்க சொத்தைத் தூக்கி வச்சிக்கிட்டுப் போயிட்டார்" என்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் பெயரில் பதிவு செய்தால் அந்தப் பேச்சை உங்கள் வீட்டார்தான் கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் மனு போட்டிருந்தார்கள். அது வந்த வேகத்தில்தான் பட்டறைக்காரர் தப்பித்தார். பலகாரக் கடை ஒன்று தப்பிக்கவில்லை. அந்தப் பெயரில் இப்போது யாரோ சூதாட்ட விளம்பரம் ஓட்டுகிறார்கள்.

சம்பந்தமில்லாத புலம்பல் ஒன்று: ஃபிளக்ஸ் பேனருக்கு யோசிக்காமல் கொட்டுகிறவர்கள், வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் டொமைனுக்குக் கட்டச் சொன்னால் மட்டும் "தம்பி, உங்க கணக்குலயே போட்டுக்கங்க" என்பார்கள். கூடவே மகள் கல்யாணப் பத்திரிகையும் இலவசமாக வேண்டும். சரி, விடுங்கள்.

நான் செய்வது: கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஈமெயிலில், அவர் போன் எண்ணில் கணக்குத் திறப்பேன். பணமும் அவர் கார்டிலோ யுபிஐயிலோ போகும். `Registrant Organization` என்ற இடத்தில் ஜிஎஸ்டி சான்றிதழில் இருக்கும் கடைப் பெயர். வேலை செய்ய எனக்குத் துணை அனுமதி மட்டும் வாங்கிக்கொள்வேன். பல நிறுவனங்களில் அந்த வசதி உண்டு. பதிவுக்குக் கொடுக்கும் ஈமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், நினைவூட்டலும் வராது, பாஸ்வேர்டும் மாற்ற முடியாது.

ஏற்கெனவே உங்கள் பெயரில் சில இருந்தால் அவசரப்பட்டுப் பெயரை மாற்றிவிடாதீர்கள். .com போன்றவற்றில் உரிமையாளர் பெயரோ ஈமெயிலோ மாறினால், வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி 60 நாள் பூட்டு விழலாம். வாடிக்கையாளர் அதே நிறுவனத்தில் கணக்குத் திறந்தால் டொமைனை உள்ளுக்குள்ளேயே அவர் கணக்குக்குத் தள்ளிவிடலாம், பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். நிறுவனமும் மாற வேண்டுமென்றால், காலாவதித் தேதி நெருங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.