காய்ச்சல் என்று எழுதிய கடிதம்

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலைக்காகத் திருச்சியிலிருந்து டர்பனுக்கு வந்து ஆறு வருடமாகிறது. மகனுக்கு ஒன்பது வயது. ஆத்திசூடி முழுக்க மனப்பாடம், தமிழ்ப் போட்டியில் பரிசும் வாங்கினான். ஆனால் ஹோம்வொர்க் பற்றிக் கேட்டால் கூசாமல் பொய் சொல்கிறான். இத்தனைக்கும் மேசையில் கிடக்கும் காசை ஒரு நாளும் தொட்டதில்லை. நாலு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். எங்கள் வீட்டில் யாரும் பொய் பேசுவதில்லை. தைப்பூசக் காவடிக்குப் போன அன்று மட்டும் காய்ச்சல் என்று டீச்சருக்கு லெட்டர் கொடுத்தோம். நல்ல குணத்தைச் சொல்லிக் கொடுக்க முடியுமா, இல்லை பிறவியிலேயே வருவதா?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது மேசையில் கிடக்கும் காசுதான். அந்தக் காசைத் தொடாத பையனும் ஹோம்வொர்க் முடித்துவிட்டேன் என்று சொல்லும் பையனும் ஒருவனே என்பது உங்களுக்குப் புதிராக இருக்கிறது. எனக்கு இல்லை. நான் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அங்கே இப்படி ஒருவன் இருந்தான்.

சொல்வதெழுதுதல், பத்துச் சொல். எழுதி முடித்ததும் நான் சரியான விடைகளைப் பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் தங்கள் நோட்டைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். அவன் ‘பரவை’ என்று எழுதியிருந்தான். பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு முழங்கையால் நோட்டை மறைத்துக்கொண்டு, ரப்பரால் ‘ர’வை அழித்து ‘ற’ போட்டான். காகிதம் அந்த இடத்தில் மெலிந்து பஞ்சு போல எழும்பியிருந்தது. நோட்டின் மேலே பத்துக்குப் பத்து. இதே பையன்தான் முந்தைய வாரம் பாய்க்கு அடியில் கிடந்த பத்து ராண்ட் நோட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவன்.

1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். பத்தாயிரத்துக்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் வைத்த சோதனைகளில் ஒன்று கிட்டத்தட்ட என் வகுப்பில் நடந்ததுதான். விடைத்தாள்களை வாங்கி ரகசியமாகப் படி எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைப் பிள்ளைகளிடமே திருத்தக் கொடுத்தார்கள். பணத்தில், விளையாட்டில், வீட்டுப்பாடத்தில் என்று வெவ்வேறு இடங்களிலும் சோதித்தார்கள். எங்கும் ஏமாற்றாத பிள்ளைகளும் குறைவு, எங்கும் ஏமாற்றும் பிள்ளைகளும் குறைவு. ஒரு இடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னொரு இடத்திலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியவில்லை. ஆகவே உங்கள் மகன் பொய்யன் என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம். காசு விஷயத்தில் அவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, பாடத்தில் இன்னும் வரவில்லை. எங்கே வரவில்லையோ அங்கேதான் பழக்க வேண்டும்.

என் வகுப்பில் நான் அவனைக் கூப்பிட்டுப் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வகுப்பை மாற்றினேன். முதலில் பிள்ளைகள் எனக்கு ஜூலு மொழியில் பத்துச் சொல் சொல்வார்கள், அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பது. நான் பலகையில் எழுதுவேன். முதல் நாள் நாலு தப்பு. ஒவ்வொன்றையும் சிவப்புச் சாக்பீஸால் நானே வட்டம் போட்டு, பக்கத்தில் சரியாக எழுதி, பத்துக்கு ஆறு என்று போட்டேன். அப்புறம் அவர்கள் முறை. தப்பை அழிக்கக் கூடாது, வட்டம் போட வேண்டும். கண்டுபிடித்த ஒவ்வொரு தப்புக்கும் அரை மதிப்பெண் திரும்பக் கிடைக்கும். மூன்றாவது வாரம் அந்தப் பையனின் நோட்டில் இரண்டு வட்டம் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, நான் விட்டுவிட்ட ஒரு தப்பை அவனே வந்து காட்டினான். ஆனால் பள்ளிக்கூட நோட்டில் இன்னும் அழித்து எழுதுகிறான் என்று அவன் அம்மா சொன்னார். அதை நான் நம்புகிறேன். பழக்கம் தானாக இடம் மாறுவதில்லை, கூடவே போய்க் கைபிடித்துக் கடத்திவிட வேண்டும்.

உங்கள் வீட்டிலும் கேட்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். முடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டே “முடிச்சிட்டியா?” என்று கேட்பது, அவனைப் பொய்யின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது. “கணக்கு பாக்கி இருக்கு போல, எத்தனை இருக்கு, காட்டு” என்று கேளுங்கள். மூன்று இருக்கிறது என்று உண்மையைச் சொன்னால், சொன்ன உடனே பக்கத்தில் உட்காருங்கள். திட்டுவது வேண்டாம். சில வாரம் ஆகும்.

அடி பற்றி உங்கள் கணவருக்கு. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின, அவற்றில் தமிழர்கள் நிறைய. பிள்ளைகளுக்குத் தனக்குத் தெரிந்த அளவு தமிழை காந்தியே சொல்லிக் கொடுத்தார். பெரியவர்கள் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. குழி வெட்டினாலும் மரம் வெட்டினாலும் கக்கூஸ் கழுவினாலும் ஒரு ஆசிரியர் கூட நிற்பார். அங்கே முரட்டுத்தனமும் பொய்யும் சண்டையுமாக 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் பொறுமை இழந்த காந்தி ரூல்தடியால் அவன் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவருக்கு நடுங்கியது. பையன் அழுது மன்னிப்புக் கேட்டான், பிறகு எதிர்த்து நடந்ததில்லை. அடி பலித்தது என்று சொல்லத் தோன்றும். காந்தி அப்படிச் சொல்லவில்லை. திருப்பி அடிக்கும் வலு அவனுக்கு இருந்தது, அவனைத் தொட்டது தன்னுடைய வேதனைதான் என்றார். அன்று அவனுக்குக் காட்டியது தன்னிலுள்ள மிருகத்தை அல்லவா என்று பல வருடம் கழித்தும் வருந்தி எழுதினார்.

முன்மாதிரி இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே காந்தியின் மூத்த மகன் ஹரிலால் 1911இல் மனக்கசப்போடு அப்பாவை விட்டுப் பிரிந்து போனார். பிள்ளை நாம் செய்வதை மட்டுமா பார்க்கிறது, அதை நாம் எப்படி அவன் மேல் சுமத்துகிறோம் என்பதையும்தான்.

இப்போது அந்த லெட்டர். அன்று மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. 2014இல் கலிபோர்னியாவில் ஒரு ஆய்வு நடந்தது. பக்கத்து அறையில் கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கிறது என்று சில பிள்ளைகளைக் கூட்டிப் போய், அங்கே போனதும், “சும்மா சொன்னேன், மிட்டாய் இல்லை, விளையாடத்தான் கூப்பிட்டேன்” என்றார்கள். மற்றவர்களிடம் பொய் சொல்லவில்லை. பிறகு, எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒரு பொம்மையை வைத்துவிட்டு வெளியே போனார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் பொய் கேட்டவர்களே அதிகம் பேர் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கவில்லை என்று பொய் சொன்னவர்களும் அவர்களிலேயே அதிகம். அதைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒன்பது வயதுக்கு எல்லாம் தெரியும். அதிலும் அந்த லெட்டர் பள்ளிக்கூடத்துக்கு, பாடம் சம்பந்தப்பட்டது. அவன் பொய் சொல்வதும் அதே இடத்தில்தான்.

டீச்சருக்கு இன்னொரு லெட்டர் எழுதுங்கள். சாப்பாட்டு மேசையில், அவன் பார்க்க, இரண்டு வரி போதும். அன்று காய்ச்சல் இல்லை, காவடிக்குப் போயிருந்தோம், தவறாக எழுதியதற்கு வருந்துகிறோம். கையெழுத்து உங்கள் கணவருடையதாக இருக்கட்டும். பையில் வைத்து அனுப்பிவிடாமல், காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு அவரே போய்க் கொடுக்கட்டும்.

அன்புடன்