இலங்கை அடையாள அட்டை எண்ணிலிருந்து பிறந்த தேதியை எடுப்பது எப்படி?

கேள்வி: இலங்கை அடையாள அட்டை நம்பரைப் பார்த்தே பிறந்த தேதியும் வயதும் சொல்லிவிடலாமாமே, எப்படி? நடுவில் 600, 700 என்றெல்லாம் வருகிறதே, வருஷத்துக்கு 366 நாள்தானே?

சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நாள் பிசகும் இடம் ஒன்று இருக்கிறது. நான் அதில் மாட்டியிருக்கிறேன் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு கோத்தகிரி பக்கம். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பம். பாட்டியும் அம்மாவும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், சித்தி கல்யாணமாகி ஹட்டனிலேயே தங்கிவிட்டார். நீலகிரியில் எங்களைப் போல எத்தனையோ வீடுகளில் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. 2019-ல் பாட்டி தவறிப்போனார். வாரிசுச் சான்றுக்கு எழுதும்போது சித்தியின் பிறந்த தேதியும் வயதும் வேண்டியிருந்தது. சித்தி மகனைப் போனில் கேட்டேன். "அம்மாட ஐடென்டிடி நம்பர் சொல்றேன் அண்ணா, அதிலேயே எல்லாம் இருக்கு" என்று நம்பரைப் படித்தான். 58612 என்று தொடங்கி, இன்னும் நான்கு இலக்கம், கடைசியில் V. மீதி நான்கை இங்கே எழுதவில்லை, காரணம் கீழே வரும்.

முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம்: 58 என்றால் 1958. அடுத்த மூன்று இலக்கம், அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. ஆண்களுக்கு இந்த எண் 001-லிருந்து 366 வரைக்குள் இருக்கும். பெண்களுக்கு நாள் எண்ணோடு 500-ஐக் கூட்டிவிடுவார்கள், அதனால் 501-லிருந்து 866 வரை வரும். நீங்கள் பார்த்த 600, 700 எல்லாம் பெண்களின் எண்கள்தான். சித்தியின் 612-ல் 500 போனால் 112. அதாவது 1958-ன் 112-வது நாள். அதற்குப் பின்னால் வருவது வரிசை எண்ணும் சரிபார்ப்பு இலக்கமும், தேதிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

சரி, 112-வது நாள் எந்தத் தேதி? நான் கம்ப்யூட்டரில் எக்செல் திறந்து `=DATE(1958,1,112)` என்று போட்டேன். ஏப்ரல் 22 என்று வந்தது. தாளில் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவ திங்கக்கிழமைல பொறந்தவ. வருஷப் பிறப்பு கழிஞ்சு அடுத்த திங்கள்னு ஆத்தா சொல்லிக்கிட்டே இருக்கும்" என்றார். காலண்டரைத் தேடிப் பார்த்தேன். 1958 ஏப்ரல் 22 செவ்வாய்க்கிழமை. பாட்டி சொன்ன திங்கள் அதற்கு முந்தின நாள், 21.

அம்மாவின் ஞாபகத்தில்தான் பிசகு என்று முதலில் நினைத்தேன். சித்தி மகன் பிறப்புச் சான்றைப் படம் எடுத்து அனுப்பியபோது அதில் ஏப்ரல் 21 என்றே இருந்தது. பாட்டி சரி, என் கணக்குத்தான் தப்பு.

காரணம் இதுதான். இலங்கை எண்ணில் எல்லா வருடத்துக்கும் பிப்ரவரியை 29 நாளாகவே கணக்கு வைத்திருக்கிறார்கள், லீப் வருடமானாலும் இல்லாவிட்டாலும். இதனால் ஒரே தேதிக்கு எந்த வருடத்திலும் ஒரே எண்தான் வரும். மார்ச் 1 எப்போதும் 61, டிசம்பர் 31 எப்போதும் 366. எக்செலுக்கு இது தெரியாது. 1958 லீப் வருடம் இல்லை என்று அது பிப்ரவரிக்கு 28 நாள் போட்டுக்கொள்கிறது, அதனால் ஒரு நாள் தள்ளிப்போகிறது.

கையால் போட்டால் இப்படி: ஜனவரி முடிவில் 31, பிப்ரவரி முடிவில் 60, மார்ச் முடிவில் 91. 112-ல் 91 போனால் 21. ஏப்ரல் 21. எக்செலிலேயே போட வேண்டுமென்றால் பிறந்த வருடத்தைக் கொடுக்காமல், ஏதாவதொரு லீப் வருடத்தைக் கொடுங்கள்:

```
=DATE(2000,1,112)
```

வருவதில் நாளையும் மாதத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு வருடத்துக்கு 1958-ஐப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களுக்கும் லீப் வருடத்தில் பிறந்தவர்களுக்கும் இரண்டு வழியிலும் ஒரே விடை வரும். அதனால்தான் இந்தப் பிழை பலர் கண்ணில் படுவதில்லை. இரண்டு மூன்று பேருக்குச் சரியாக வந்ததும் முறையே சரி என்று நம்பிவிடுகிறோம்.

இதை வைத்து நம்பர் தப்பாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் ஓரளவு பிடிக்கலாம். நடு மூன்று இலக்கம் 367-லிருந்து 500-க்குள் இருந்தாலோ 866-ஐத் தாண்டினாலோ யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். 58060 என்று தொடங்கினால் அது 1958 பிப்ரவரி 29, அப்படி ஒரு நாளே கிடையாது. ஆனால் 58366 தப்பில்லை. அந்த வருடத்துக்கு 365 நாள்தானே என்று குழம்ப வேண்டாம், அது டிசம்பர் 31.

வயதுக்கு வருடத்தை மட்டும் கழித்தால் போதாது, அந்த வருடப் பிறந்தநாள் வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். நாங்கள் எழுதியது ஜூலையில். ஏப்ரல் 21 தாண்டிவிட்டது, ஆகவே 2019-ல் 1958 போக, சித்திக்கு 61. பிப்ரவரியில் எழுதியிருந்தால் 60 என்று போட்டிருப்போம்.

இரண்டு இலக்க வருடத்தைப் பார்த்து 1900-ஆ 2000-ஆ என்று குழம்ப வேண்டியதில்லை. 2016-லிருந்து புதிய அட்டைகளுக்கு 12 இலக்க எண் கொடுக்கிறார்கள், அதில் வருடம் நான்கு இலக்கமாகவே இருக்கும். 2000-ல் பிறந்தவர்கள் 16 வயதாகி அட்டை வாங்க வந்ததே அந்த வருடத்தில்தான். பழைய எண்ணைப் புதிய வடிவில் எழுத, முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 போட்டு, கடைசி எழுத்தை நீக்கிவிட வேண்டும். சித்தியுடையது 19586120 என்று தொடங்கும். நாள் கணக்கும் 500 கூட்டுவதும் அப்படியேதான்.

இவ்வளவும் யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம் என்பதால்தான் சித்தியின் முழு எண்ணை எழுதவில்லை. நம் ஆதாரில் இந்த வேலை நடக்காது. அது தற்செயலாகக் கொடுக்கப்படும் 12 இலக்கம், பிறந்த தேதியோ ஆணா பெண்ணா என்பதோ அதில் இல்லை.

அப்புறம், எண்ணில் இருப்பது பதிவில் எழுதின தேதி மட்டுமே. தோட்டத்து லயங்களில் பிறந்த பெரியவர்களுக்குத் தாமதமாகப் பதிந்திருந்தாலோ, பதியும்போது தேதியை மாற்றிச் சொல்லியிருந்தாலோ அந்தத் தப்பும் எண்ணோடு சேர்ந்தே வரும். சந்தேகம் இருந்தால், வீட்டில் மூத்தவர்களிடம் அன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுப் பாருங்கள். தேதியை மறந்தவர்கள்கூடக் கிழமையைச் சொல்வார்கள்.